ராத்திரி நிறுத்தினதும் ஜாக்கிங் ஃபோர்ஸ் டபுள் ஆகுது

"ரோடுக்கு அடியில ஜாக்கால பைப்பைத் தள்ளிப் போடுற 60 மீட்டர் கிராசிங், பைப் வெளி விட்டம் 1.44 மீ. 35 மீட்டர்ல 120 டன் இருந்துச்சு, ராத்திரி நிறுத்திட்டு காலைல தள்ளினா 240 டன். மெத்தட் ஸ்டேட்மென்ட்ல என்ன மாத்தணும், ரோடு இறங்குமா?"

ஃபோர்ஸை ஏத்தாதீங்க, முதல்ல உராய்வைக் குறைக்கிற பென்டோனைட் குழம்பை ஏத்துங்க. கட்டர் பக்கம் மட்டும் இல்ல, பின்னாடி பைப் போர்ட்கள்லயும். நின்ன நேரத்துல பென்டோனைட் மண்ணுக்குள்ள கசிஞ்சு, மண்ணு பைப்பை இறுக்கிடுச்சுன்னுதான் தோணுது.

கணக்கு பாருங்க. 35 மீட்டருக்கு பைப்போட வெளிப்பரப்பு 158 ச.மீ. முகப்புக்கு 25 டன் கழிச்சா முன்னாடி உராய்வு ச.மீட்டருக்கு 0.6 டன், இப்ப 1.36. இதே ரேட்ல 60 மீட்டர்ல 390 டன் தாண்டும், பைப்பும், ஜாக் பின்னாடி சாஞ்சு தள்ளுற த்ரஸ்ட் வாலும் அதைத் தாங்குமான்னு இப்பவே பாருங்க, இல்லன்னா பைப் வரிசை நடுவுல வச்சு தள்ளுற இன்டர்ஜாக் வேணும்.

செக் பண்ண: கொஞ்ச தூரம் தள்ளினதும் ஃபோர்ஸ் இறங்குச்சுன்னா காரணம் இதுதான். இறங்காம முகப்பு பிரஷரும் ஏறுனா முன்னாடி ஏதோ தடை, லைன் விலகியிருந்தா வளைஞ்ச பைப் உரசுது.

ரோடு விஷயம்தான் எனக்கு பயம். பைப்பை விட சுத்தி 20 மி.மீ பெருசா வெட்டின ஓவர்கட் இருந்தா மீட்டருக்கு 0.09 கன மீட்டர் இடைவெளி. அது முழுசா மூடிக்கிட்டா, பைப் மையம் 4 மீ ஆழத்துல இருந்தா, நடுவுல சுமார் 18 மி.மீ இறங்கலாம். அதனால நிறுத்தும்போதும் பென்டோனைட் பிரஷரைப் பிடிச்சு வைக்கணும், ரோடுக்கு அடியில இருக்கும்போது ஷிஃப்டே நிறுத்தக்கூடாதுன்னு ஸ்டேட்மென்ட்ல எழுதுங்க, முடிஞ்சதும் சிமென்ட் கிரவுட்டும்.

ஆனா பிரஷரை நிலத்தடி நீர் அழுத்தத்துக்கு கொஞ்சம் மேல மட்டும் வைங்க, அதிகமானா ரோடு மேல எழும்பிடும், லெவல் எடுத்துக்கிட்டே இருங்க.