பதில் எந்த இடத்தோடு நிற்கிறது? பிங், டிரேஸ்ரூட் கேள்வி பதில்

கேள்வி: சார், ரவுட்டரில் எல்லா விளக்கும் பச்சையாகத்தான் எரிகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

உங்கள் மேசையிலிருந்துதான். விண்டோஸ் என்றால் `cmd` திறந்து `ipconfig` அடியுங்கள். அதில் Default Gateway என்ற வரியில் வருவதுதான் உங்கள் ரவுட்டரின் முகவரி, பெரும்பாலான வீடுகளில் 192.168.1.1 அல்லது 192.168.0.1. உங்கள் கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால் மேலே போகவே வேண்டாம், ரவுட்டரிடமிருந்து உங்களுக்கு முகவரியே வந்து சேரவில்லை, முதலில் வைஃபையையோ கேபிளையோ பாருங்கள். முகவரி சரியாக இருந்தால், அந்தப் பக்கம் ஆள் இருக்கிறதா என்று கூப்பிட்டுப் பார்க்கும் பிங்கை இந்த வரிசையில் அடியுங்கள், முதலாவது உங்கள் ரவுட்டர், இரண்டாவது வெளியே இருக்கும் கூகிளின் சர்வர்:

```
ping 192.168.1.1
ping 8.8.8.8
ping google.com
```

முதலாவதே வரவில்லையா, கோளாறு பெரும்பாலும் வீட்டுக்குள். (சில ரவுட்டர்களில் பிங்குக்குப் பதில் சொல்வதையே நிறுத்தி வைத்திருப்பார்கள், அதனால் பிரவுசரில் அந்த முகவரியைப் போட்டு அதன் பக்கம் திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.) முதலாவது வந்து இரண்டாவது வரவில்லை என்றால் ரவுட்டரிலோ அதற்கு அப்பாலோ எங்கோ நிற்கிறது, வழியில் உள்ள ரவுட்டர்களை வரிசையாகக் காட்டும் டிரேஸ்ரூட்டுக்கு வேலை அப்போதுதான். இரண்டும் வந்து மூன்றாவதில் மட்டும் could not find host என்று வந்தால் பாதை நன்றாகவே இருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்தான் மக்கர் செய்கிறது. அந்த நேரத்தில் டிரேஸ்ரூட் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ரவுட்டரை பிங் செய்தேன். 4 அனுப்பி 4 வந்தது, 0% loss. அப்படியானால் வீட்டுக்குள் ஒன்றும் இல்லைதானே? ஆனால் ஒவ்வொரு வரியிலும் Reply from 192.168.1.7: Destination host unreachable என்று இருக்கிறது.

கடைசி வரியை மட்டும் பார்க்காதீர்கள், யார் பதில் சொன்னது என்று பாருங்கள். நீங்கள் கூப்பிட்டது 192.168.1.1-ஐ, பதில் வந்ததோ 192.168.1.7-இலிருந்து. `ipconfig` போட்டால் அது உங்கள் கணினியின் முகவரியாகத்தான் இருக்கும். "இந்த முகவரிக்கு உரியவர் யார்" என்று உங்கள் கணினி கேட்டிருக்கிறது, யாரும் கையைத் தூக்கவில்லை, அதைத்தான் உங்களிடம் சொல்கிறது. விண்டோஸ் அதையும் வந்து சேர்ந்த பதிலாகக் கணக்கில் சேர்த்துக்கொள்வதால்தான் 0% என்று காட்டுகிறது. ஆக உங்கள் விஷயத்தில் ரவுட்டர் வரைக்குமே போகவில்லை. கேபிளைக் கழற்றி மாட்டுங்கள், அல்லது வைஃபை வேறு ஏதாவது பெயரில் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: இது சுலபம்தானே? டிரேஸ்ரூட் போட்டதும் முதல் நட்சத்திரம் எந்த வரியில் வருகிறதோ அங்கேதான் அறுந்திருக்கிறது. நான் அப்படித்தான் பார்ப்பேன்.

பாதி சரி. கடைசியாகப் பதில் சொன்னவர் யார் என்பதுதான் முக்கியம், முதல் நட்சத்திரம் அல்ல. டிரேஸ்ரூட் செய்வது இவ்வளவுதான்: நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துக்கும் டிடிஎல் என்ற ஆயுள் எண் ஒன்று உண்டு, கடக்கும் ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும், பூஜ்யமானால் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும். முதலில் 1, அப்புறம் 2, அப்புறம் 3 என்று ஆயுளைக் கூட்டிக்கொண்டே போனால் வழியில் உள்ளவர்கள் ஒவ்வொருவராக வாய் திறப்பார்கள். ஆனால் சில ரவுட்டர்கள் தகவல் சொல்லாமல் தூக்கிப் போடும், பொட்டலத்தைக் கடத்துவதில் குறை வைக்காது. நடுவில் நட்சத்திரம் வந்து அதற்கடுத்த வரியில் பதில் இருந்தால் அங்கே ஒன்றும் அறுந்திருக்கவில்லை.

என் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் காலையில் நெட் போய்விட்டது, போட்டுப் பார்த்தால் இப்படி:

```
tracert -d 8.8.8.8
  1   <1 ms  <1 ms  <1 ms  192.168.1.1
  2    3 ms   4 ms   3 ms  100.72.0.1
  3    *      *      *     Request timed out.
  4    *      *      *     Request timed out.
  5    *      *      *     Request timed out.
```

30 வரை இதேதான். (`-d` போடுவது முக்கியம், இல்லையென்றால் ஒவ்வொரு முகவரிக்கும் பெயர் தேடிக்கொண்டு நிற்கும்.) 3-இல் அறுந்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் நெட் நன்றாக இருந்த நாளில் எடுத்து வைத்திருந்த டிரேஸைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அன்றும் 3-இல் நட்சத்திரம்தான், 4-இலிருந்து பதில் வந்திருந்தது. ஆக 2-க்கும் 4-க்கும் இடையில் எங்கோ என்பது வரைக்கும்தான் என்னால் சொல்ல முடிந்தது. 100.64-இலிருந்து 100.127 வரை தொடங்கும் முகவரிகள் இணைய இணைப்புத் தரும் நிறுவனங்கள் தங்கள் வலைக்குள் வைத்துக்கொள்பவை. எனவே வீட்டு மோடமும் வெளியே போகும் ஃபைபரும் நன்றாகவே இருக்கின்றன, கோளாறு அவர்கள் பக்கம். மோடத்தை அணைத்துப் போடுங்கள் என்று வாடிக்கையாளர் சேவையில் சொன்னபோது இந்த இரண்டு டிரேஸையும் அனுப்பினேன், ஆள் அனுப்பாமல் அவர்கள் பக்கத்திலேயே சரிசெய்தார்கள். நெட் நன்றாக இருக்கும் இன்றே ஒன்று எடுத்துச் சேமித்து வையுங்கள்.

கேள்வி: அண்ணா, தம்பி கேம் விளையாடும்போது இழுக்கிறது. சிங்கப்பூர் சர்வருக்கு டிரேஸ் போட்டால் 5-ஆவது வரியில் 180 எம்எஸ், 6-இல் 38, கடைசியில் 40. அந்த 5-ஆவது ரவுட்டரை மாற்றச் சொல்லலாமா?

வேண்டாம். பின்னால் இருக்கும் வரிகளில் 38, 40 என்று வருகிறதே, அந்தப் பொட்டலங்களும் 5-ஐத் தாண்டித்தான் போயிருக்கின்றன. அந்த ரவுட்டர் கடத்தும் வேலையை முதலில் பார்த்துவிட்டு உங்களுக்குப் பதில் எழுதுவதைப் பிறகு வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். எண் ஒரு வரியில் ஏறி அதற்கடுத்த எல்லா வரியிலும் ஏறியே இருந்தால்தான் கவலை. நீங்கள் சென்னையிலிருந்து என்றால் கடலடிக் கேபிள் வழியாகச் சிங்கப்பூர் போய்வர ஒளிக்கே 30 எம்எஸ் போல ஆகும், 40 நல்ல எண்தான். இழுப்பதற்கு வைஃபையைச் சந்தேகிப்பேன். விளையாடும்போதே `ping -t 192.168.1.1` ஓடவிட்டு, ரவுட்டர் வரைக்குமே 50, 100 என்று குதிக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ஒரே வீடு, ஒரே நேரம். விண்டோஸில் கடைசி வரை போகிறது, என் உபுண்டுவில் 7-க்கு மேல் முழுக்க நட்சத்திரம். லினக்ஸ் தவறாகக் காட்டுகிறதா?

இரண்டும் அனுப்பும் பொட்டலம் வேறு. `tracert` அனுப்புவது பிங் வகை, லினக்ஸ் `traceroute` வழக்கமாக யூடிபி என்ற வேறு வகையை அனுப்பும், அதை நடுவில் ஏதாவது ஃபயர்வால் தடுத்திருக்கும். `sudo traceroute -I 8.8.8.8` போடுங்கள், விண்டோஸ் போலவே வரும். தளம் திறக்கிறதா என்பதுதான் கேள்வி என்றால் `sudo traceroute -T -p 443` போட்டு தளத்தின் பெயரைக் கொடுங்கள், பிரவுசர் போகும் அதே கதவைத் தட்டும். சில நிறுவனங்களின் சர்வர்கள் பிங்குக்கு ஒருபோதும் பதில் சொல்லாது, தளம் மட்டும் சுகமாகத் திறக்கும்.

கேள்வி: எனக்கு நட்சத்திரமே இல்லை. 6-இலிருந்து 30 வரை இரண்டே முகவரிகள் மாறி மாறி வருகின்றன.

அந்த இரண்டு ரவுட்டரும் பொட்டலத்தை ஒன்றுக்கொன்று தள்ளிவிட்டுக்கொண்டிருக்கின்றன. பிங் போட்டால் TTL expired in transit என்று வரும், பாருங்கள். அந்த முகவரிகள் யாருடையவையோ அவர்கள்தான் சரிசெய்ய வேண்டும், டிரேஸை அப்படியே அனுப்புங்கள்.

கேள்வி: எனக்கு ராத்திரி 9-இலிருந்து 11 வரை மட்டும் 8-ஆவது வரிக்குப் பிறகு நிற்கிறது, அதுவும் சில நாள்தான். 8-தான் காரணமா?

இதிலிருந்து சொல்ல முடியவில்லை. போகும் வழியைத்தான் டிரேஸ்ரூட் காட்டுகிறது, பதில் திரும்பிவரும் வழி வேறாக இருக்கலாம், 9-இலிருந்து வரும் பதில் திரும்பும் வழியில் தொலைந்தாலும் உங்கள் திரையில் இதே நட்சத்திரம்தான். இன்று ராத்திரி இரண்டு ஜன்னல் திறந்து, ஒன்றில் 8-ஆவது முகவரிக்கும் மற்றதில் 8.8.8.8-க்கும் `ping -t` ஓடவிடுங்கள். நிற்கும்போது இரண்டும் சேர்ந்து நிற்கிறதா, ஒன்று மட்டுமா என்று நேரத்தோடு குறித்து வைத்துச் சொல்லுங்கள், அதற்கப்புறம் பார்க்கலாம்.