மங்கிய எஃப்.டி. ரசீதும் ஒரு கூட்டுவட்டிக் கணக்கும்

கேள்வி: அப்பாவின் எஃப்.டி. ரசீதைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். எழுத்துகள் மங்கலாக இருக்கின்றன. அசல், வட்டி விகிதம், தேதிகள், முதிர்வுத் தொகை ஆகியவற்றை அதிலிருந்து எப்படிச் சரியாக எடுப்பது?

பதில்:

‘வங்கியில் போய்க் கேட்டால் தீர்ந்தது’ என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: வங்கிக்குப் போகத்தான் போகிறோம். தொகை இன்னது என்று தெரிந்துகொண்டு கவுன்டரில் நிற்பதும், அவர்கள் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வருவதும் ஒன்றல்ல.

உங்கள் ரசீதும் பழைய டாட் மேட்ரிக்ஸ் அச்சாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். சித்தப்பா இறந்த பிறகு, சித்தியின் பீரோவில் இருந்த ரசீதைத் தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அதில் அசல் 1,50,000 என்பது எண்ணிலும் எழுத்திலும் தெளிவாக இருந்தது. தேதிகளும் தெரிந்தன: 12/09/2018 முதல் 12/09/2021 வரை. ஆனால் வங்கியின் ஊதா முத்திரை வட்டி விகிதத்தின் மேலேயே விழுந்திருந்தது. முதிர்வுத் தொகையில் பத்தாம் இடத்து இலக்கம், காகிதத்தை மடித்த கோட்டில் தேய்ந்துபோய் 1,83,3_9 என்று நின்றது. எழுத்தை வாசித்துத் தரும் செயலி வட்டியை 8.75 என்று கொஞ்சமும் தயங்காமல் சொன்னது. எனக்கு அது 6.75 போலத் தெரிந்தது.

இந்த இடத்தில் கண்ணை நம்ப வேண்டாம், செயலியையும் நம்ப வேண்டாம். அசல், வட்டி, காலம், முதிர்வுத் தொகை ஆகிய நான்கில் மூன்று தெரிந்தால் நான்காவது தானே வந்துவிடும். இங்குள்ள வங்கிகள் பொதுவாகக் காலாண்டுக்கு ஒருமுறை வட்டியை அசலோடு சேர்க்கின்றன. மூன்று ஆண்டுக்குப் பன்னிரண்டு காலாண்டு. எக்செல்லில் இப்படிப் போட்டால் போதும்:

```
=150000*(1+6.75/400)^12
```

விடை 1,83,358.95. முழு ரூபாயாக்கினால் 1,83,359. 6.75-க்குப் பதில் 8.75 போட்டால் 1,94,475 வருகிறது. ரசீதின் 1,83,3_9-க்கும் அதற்கும் ஒட்டவே ஒட்டாது. ஆக வட்டி 6.75 என்பது உறுதியானது, மடிப்பில் போன இலக்கம் 5 என்பதும் கூடவே கிடைத்தது.

கணக்கு ஓரிரு ரூபாய் இடித்தால் பதற வேண்டாம். காலம் 400 நாள், 500 நாள் என்று இருந்தால், முழுக் காலாண்டு போக மிஞ்சும் நாள்களுக்குத் தனி வட்டி போடுவார்கள். அங்கே சிறு வித்தியாசம் வரும். ஆயிரக்கணக்கில் இடித்தால் ஏதோ ஓர் எண்ணைத் தவறாக வாசித்திருக்கிறீர்கள். முதிர்வுத் தொகையும் அசலும் ஒன்றாகவே இருந்தால் அது பிழையல்ல. வட்டியை அவ்வப்போது சேமிப்புக் கணக்குக்கு அனுப்பிவிடும் வகை அது.

தேதியில் வேறொரு வில்லங்கம். புதுப்பித்த ரசீதில் அச்சடித்த நாள் ஒன்று, வட்டி ஓடத் தொடங்கும் நாள் ஒன்று என்று இரண்டு இருக்கலாம். கணக்குக்கு இரண்டாவதுதான் வேண்டும். எக்செல்லில் அமெரிக்க முறைத் தேதி அமைப்பு இருந்தால் 12/09 என்பதைச் சத்தமில்லாமல் டிசம்பர் 9 ஆக்கிவிடும். 25/09 போன்ற தேதியை அப்படி மாற்ற முடியாமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும் என்பதால், பாதித் தேதிகள் சரி, பாதி தவறு என்று ஒரு கலவை கிடைக்கும்.

போட்டோவை மறுபடி எடுக்க முடியுமானால் பிளாஸ்டிக் உறையிலிருந்து வெளியே எடுத்து, சன்னலோரம் தட்டையாக வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது தரத்தைக் குறைத்துவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். இலவசமாக மாற்றித் தருகிறோம் என்னும் முகம் தெரியாத இணையதளங்களில் ஏற்றாதீர்கள். வாடிக்கையாளர் எண் முதல் வாரிசு பெயர் வரை அதில் இருக்கக்கூடும்.

சந்தேகப் பிராணி என்று என்னைச் சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். சித்தி கணக்கு வைத்திருக்கும் கிளையில் பாஸ்புக் பதிக்கும் இயந்திரம் எப்போது போனாலும் பழுது. ‘எல்லாம் மொபைலில் வருமே’ என்று எழுபது வயதுக்காரரிடம் சொல்கிறார்கள். அவரிடம் இருப்பது பொத்தான் போன். அப்படிப்பட்டவருக்கு ரசீதுக் காகிதத்தை விட்டால் வேறென்ன இருக்கிறது?

கடைசியாக ஒன்று. ரசீதில் உள்ள முதிர்வுத் தொகை, வரிப் பிடித்தத்துக்கு முந்தையது. கைக்கு வந்தது குறைவாக இருந்தால், சண்டைக்குப் போகுமுன் அப்பாவின் படிவம் 26ஏஎஸ்-ஐ எடுத்து, இடைப்பட்ட ஆண்டுகளில் டி.டி.எஸ். பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். அந்தத் தொகையைக் கழித்த பிறகும் பெரிய பள்ளம் இருந்தால் எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.