23 டெஸ்ட் போட்டும் 142-லயே நிக்குது

அக்கா வணக்கம். குரூப் 4-க்கு ஒன்றரை வருஷமா படிக்கிறேன். இதுவரைக்கும் 23 மாதிரித் தேர்வு போட்டாச்சு, இப்ப வாரத்துக்கு மூணு போடுறேன். 200-க்கு 138, 144, 140, 146, திரும்ப 142, இப்படியே ஏறி எறங்கிட்டு இருக்கு. டெஸ்ட் முடிச்சதும் கீ பாத்து மார்க் போடுவேன், தப்பானதுக்கு சரியான விடைய செவப்பு பேனால வட்டம் போட்டு வச்சுப்பேன், அப்புறம் அடுத்த டெஸ்ட். இன்னும் நெறைய போட்டா ஏறுமா, இல்ல வேற டெஸ்ட் பேட்ச்ல சேரணுமா?
ஒரு வாசகர், விருத்தாசலம்

தம்பி, உங்க மெயில் வந்ததும் கடைசி டெஸ்ட் தாள போட்டோ எடுத்து அனுப்ப சொன்னேன்ல, அப்புறம் போன்ல ஒன்னரை மணி நேரம் ஒக்காந்து ஒவ்வொரு தப்பா கேட்டேன். எல்லாருக்கும் உதவும்னு நீங்க சரி சொன்னதால இங்கயே எழுதுறேன்.

மொதல்ல அந்த 138, 144 கதைய பாத்துருவோம். குரூப் 4-ல தப்பு விடைக்கு மார்க் கொறைக்க மாட்டாங்க, அதனால தெரியாத கேள்விக்கும் எல்லாரும் எதையாவது ஷேட் பண்ணிட்டுதான் வருவோம், பண்ணவும் வேணும். எத்தன கேள்விக்கு குருட்டாம்போக்குல போட்டீங்கன்னு கேட்டப்ப "ஒரு நாப்பது இருக்கும்க்கா"ன்னீங்க. நாலுல ஒன்னு தானா விழும்னு வச்சா நாப்பதுல பத்து சும்மாவே சரியாயிடும். ஆனா எல்லா தடவையும் சரியா பத்தே விழாது, ஒரு நாள் ஏழு, ஒரு நாள் பதிமூணுன்னு வரும். இந்த ஏழுக்கும் பதிமூணுக்கும் நடுவுல இருக்கிற ஆறுதான் உங்க 138-க்கும் 144-க்கும் நடுவுல இருக்கிற ஆறு. அதாவது 144 வந்தன்னிக்கு பிரியாணி வாங்கி சாப்ட்டீங்களே, அன்னிக்கு நீங்க புதுசா ஒன்னும் கத்துக்கிட்டிருக்கணும்னு இல்ல, தாயம் நல்லா விழுந்திருக்கும், அவ்வளவுதான். 138 வந்தன்னிக்கு ராத்திரி சாப்பிடாம படுத்ததும் அதே மாதிரி வீண்தான்.

அதனால அடுத்த டெஸ்ட்ல இருந்து ஒன்னு பண்ணுங்க. ஷேட் பண்ணும்போது சந்தேகம் இருக்கிற கேள்வி நம்பர் பக்கத்துல கேள்வித்தாள்ல பென்சில்ல ஒரு புள்ளி, சுத்தமா தெரியாம போட்டதுக்கு ரெண்டு புள்ளி. ஓஎம்ஆர்ல வைக்காதீங்க, கேள்வித்தாள்ல மட்டும். திருத்தும்போது புள்ளி வச்சது சரியா வந்திருந்தாலும் அத தப்புக் கணக்குலயே சேருங்க, ஏன்னா அடுத்த தடவ அதே கேள்வி வந்தா அது தப்பாகலாம். புள்ளி இல்லாம சரியா வந்தது மட்டும்தான் உங்க நெஜமான மார்க். அது 142-ஐ விட கம்மியாத்தான் வரும், மனசு கஷ்டப்படும், ஆனா அந்த நம்பர்தான் படிச்சா ஏறும்.

இப்ப அந்த 58 தப்புக்கு வருவோம். போன்ல பேசினப்ப நான் ஒரு பேப்பர்ல கோடு போட்டுக்கிட்டே வந்தேன். நீங்க படிக்கவே படிக்காத பகுதில இருந்து வந்தது 19. படிச்சும் ரெண்டு விடைக்கு நடுவுல குழம்பி மாத்திப் போட்டது 24. கேள்விய சரியா படிக்காம விட்டது 9. கணக்குல கூட்டல் கழித்தல் சறுக்கினது, ஷேடிங்ல ஒரு வரி தள்ளிப் போனது எல்லாம் சேத்து 6. அப்ப 39 கேள்வி உங்களுக்கு பாதிக்கு மேல தெரிஞ்சது! ஒன்னுக்கு ஒன்றரை மார்க்னா 300-க்கு 58.5 மார்க். இத எடுக்க புது புக்கும் வேணாம் புது பேட்ச்சும் வேணாம்.

குழம்பின 24-லதான் விஷயமே இருக்கு, அதுல ஒன்ன மட்டும் முழுசா பாப்போம். "மாகாணங்களில் இரட்டை ஆட்சியை அறிமுகப்படுத்திய சட்டம்"னு கேள்வி, 1909, 1919, 1935, 1947-னு நாலு விடை. நீங்க 1935 போட்டீங்க, கீல 1919, செவப்பு வட்டம் போட்டாச்சு, முடிஞ்சுது. ஆனா நீங்க அனுப்பின தாள்லயே ரெண்டு பக்கம் தள்ளி "மத்தியில் இரட்டை ஆட்சிக்கு வழி செய்த சட்டம்"னு இன்னொரு கேள்வி இருந்துச்சு பாத்தீங்களா, அதுக்கு நீங்க 1919 போட்டிருக்கீங்க. முன்னாடி ஒரு டெஸ்ட்லயும் இதே ஜோடி தப்பாச்சுன்னு நீங்களே சொன்னீங்க, அப்பவும் வட்டம்தான் போட்டிருக்கீங்க. வட்டம் போட்டா வருஷம்தான் ஞாபகம் வரும், எது எங்கன்னு வராது.

இந்த மாதிரி தப்புக்கு சரியான விடை என்னன்னு கேக்கக்கூடாது, நான் போட்ட தப்பு விடை ஏன் எனக்கு சரியா தெரிஞ்சுதுன்னு கேக்கணும். 1935 ஏன் இழுத்துச்சு? ஏன்னா அந்த சட்டத்துலயும் இரட்டை ஆட்சிங்கிற வார்த்தை வருது. அப்ப புக்க தொறந்து அந்த ரெண்டு பத்திய மட்டும் பக்கத்துல பக்கத்துல வச்சு படிக்கணும். 1919 சட்டம் மாகாணத் துறைகள ரெண்டா பிரிச்சுது, கல்வி, சுகாதாரம் மாதிரி மாற்றப்பட்ட துறை அமைச்சர்கள் கைல, போலீஸ், நிதி மாதிரி ஒதுக்கப்பட்ட துறை ஆளுநர் பக்கம். 1935 வந்து மாகாணத்துல அத எடுத்துட்டு மாகாண சுயாட்சி குடுத்துச்சு, அதே இரட்டை ஆட்சிய மத்திக்கு கொண்டுபோக வழி வச்சுது, ஆனா சமஸ்தானங்கள் சேராததால அந்த கூட்டாட்சி நடைமுறைக்கே வரல. நோட்டுல நீங்க எழுத வேண்டியது ஒரே வரி: "1919 மாகாணத்துல வச்சான், 1935 அங்க எடுத்து மத்திக்கு தூக்கினான்." இந்த ஒரு வரில ரெண்டு கேள்விக்கும் விடை இருக்கு, மாகாண சுயாட்சி எப்பன்னு கேட்டா மூணாவதுக்கும் இருக்கு.

தமிழ்லயும் இதேதான். கூவிளம், கருவிளம் ரெண்டையும் நாலு டெஸ்ட்லயாவது மாத்திப் போட்டிருக்கீங்க. நேர் நிரை எது, நிரை நிரை எதுன்னு மனப்பாடம் பண்ணப் பாக்குறீங்க, அதான் வழுக்குது. அந்த பேரையே அசை பிரிச்சுப் பாருங்க. கூ நேர், விளம் நிரை. கரு நிரை, விளம் நிரை. தேமாவும் புளிமாவும் அப்படியே, தே நேர், புளி நிரை, மா ரெண்டுலயும் நேர். வாய்பாட்டுக்குள்ளயே விடைய வச்சுத்தான் அந்தக் காலத்துலயே பேர் வச்சிருக்காங்க, நம்மதான் வெளில தேடிட்டு இருக்கோம். இத ஒரு தடவ கண்டுபிடிச்சா அந்த நாலு ஈரசைச் சீரும் இனி தப்பாகாது. செவப்பு வட்டம் நூறு போட்டாலும் இது கெடச்சிருக்காது.

கேள்விய தப்பா படிச்ச 9 வேற ஜாதி. ஏ ஒரு வேலைய 12 நாள்ல முடிப்பான், பி 18 நாள்ல, ரெண்டு பேரும் 4 நாள் செஞ்சப்புறம் ஏ போயிட்டான், வேலை முடிய மொத்தம் எத்தன நாள்னு கேட்டிருக்கான். நீங்க வேலைய 36 பங்கா வச்சு, ஒரு நாளைக்கு 3-ம் 2-ம் சேத்து 5, நாலு நாள்ல 20, மிச்சம் 16, பி தனியா 8 நாள்னு அழகா போட்டு 8-ஐ ஷேட் பண்ணிட்டு போயிட்டீங்க. மொத்தம் 12. ரஃப் ஒர்க்ல ஒரு தப்பும் இல்ல. இதுக்கு டைம் அண்ட் ஒர்க் சாப்டர திரும்ப போடுறது மருந்து இல்ல. கேள்வியோட கடைசி வார்த்தைக்கு, "மொத்தம்", "மேலும்", "தவறான கூற்று", "பொருந்தாதது", இதுக்கு மட்டும் அடிக்கோடு போட்டுட்டு விடைய பாக்குறது, அவ்வளவுதான். உங்க 9-ல 5 "தவறான கூற்று எது"ங்கிற கேள்வி, எல்லாத்துலயும் மொத கூற்று சரியா இருந்ததும் அதையே போட்டிருக்கீங்க!

நான் மொத தடவ எழுதினப்பவும் உங்கள மாதிரியேதான், டெஸ்ட் எண்ணிக்கைதான் பெருமை, ஒரு சென்டர்ல குடுத்த கீல ஏழெட்டு விடையே தப்பு, அதையும் கண்ண மூடிட்டு மனப்பாடம் பண்ணி நெஜ பரிட்சைல ஒன்ன அப்படியே தப்பா போட்டுட்டு வந்தேன். டிஎன்பிஎஸ்சியே மொதல்ல உத்தேச விடைய போட்டு ஆட்சேபணை கேட்டுட்டுத்தான் இறுதி விடை போடுறாங்க, அப்புறம் தனியார் கீய வேதவாக்கா எடுத்துக்கலாமா? புள்ளி வைக்காம உறுதியா போட்டது கீல தப்புன்னு வந்தா, உடனே உங்கள திட்டிக்காம சமச்சீர் புக்ல அந்தப் பக்கத்த போய்ப் பாருங்க.

இதெல்லாம் பண்ண நேரம் எங்கன்னு கேப்பீங்க. ஒரு தப்புக்கு நாலு நிமிஷம்னு வச்சா 58-க்கு நாலு மணி நேரம் கிட்ட ஆகும், டெஸ்ட்டே மூணு மணி நேரம்தான். அதனால வாரத்துக்கு மூணு வேணாம், ஒன்னு போதும். ஞாயிறு காலைல டெஸ்ட், திங்கள் செவ்வாய் ரெண்டு நாளா பிரிச்சு அலசல், மிச்ச நாள் அந்தத் தப்பு காட்டிக்குடுத்த பாடம். நோட்டுல ஒரு பக்கத்த நெடுக்க மடிச்சு இடது பக்கம் கேள்விய மட்டும் எழுதுங்க, வலது பக்கம் அந்த ஒரு வரி காரணம். சனிக்கிழம வலது பக்கத்த மடிச்சு மறைச்சுட்டு இடது பக்கத்துக்கு மட்டும் விடை சொல்லிப் பாருங்க, காரணத்தோட சொல்ல வந்தா ஒரு டிக், வெறும் வருஷம் மட்டும் வந்தா டிக் கெடையாது. பத்து நாள் கழிச்சு இன்னொரு தடவ. ரெண்டு டிக் வாங்கினத அடிச்சுடலாம்.

எல்லா தப்பையும் இப்படி தோண்டாதீங்க, அதுவும் ஒரு வியாதி. எங்கயோ ஒரு மூலைல இருந்து எடுத்த நடப்பு நிகழ்வு கேள்வி, எந்தப் பாடத்தோடவும் ஒட்டாதது, அத ஒரு வரி படிச்சுட்டு விட்ருங்க. அதே மாதிரி 200-க்கு 90 கூட வராதவங்க இதப் படிச்சுட்டு நோட்டு வாங்கப் போயிடாதீங்க, உங்களுக்கு 110 தப்புல முக்கால்வாசி படிக்காததாத்தான் இருக்கும், மொதல்ல ஆறாவதுல இருந்து புக்க முடிங்க. இது படிச்சும் சிந்துறவங்களுக்கு.

வேற பேட்ச் வேணாம் தம்பி. பழைய 23 தாள்ல கடைசி மூண மட்டும் எடுங்க, செவப்பு வட்டம் தெரியாத மாதிரி தப்பான கேள்விய மட்டும் வேற பேப்பர்ல எழுதி இப்ப திரும்ப போடுங்க. எத்தன திரும்ப அதே தப்பு விடைக்கு போகுதுன்னு எண்ணி, அந்த நம்பர எனக்கு எழுதுங்க.