ஆறு மாதம் வரை காத்தது எது?

கேள்வி: என் பையனுக்கு ஒன்றே முக்கால் வயது. ஆறு மாதம் வரை ஒரு சளிகூடப் பிடித்ததில்லை. அப்புறம் காதில் சீழ், இரண்டு முறை நிமோனியா. ரத்தத்தில் பி செல்லே இல்லை, எக்ஸ்எல்ஏ என்கிறார்கள். அதே வார்டில் இரண்டரை மாதக் குழந்தை ஒன்று வாயெல்லாம் வெள்ளைப் பூஞ்சையோடு மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. இன்னொரு நான்கு வயதுப் பையனுக்குக் கல்லீரலில் சீழ்க்கட்டி. மூவருக்குமே பிறவியில் எதிர்ப்பு சக்திக் குறைபாடு என்றுதான் சொன்னார்கள். பிறகு ஏன் ஆளுக்கு ஒரு விதமாக வருகிறது? ஆறாவது மாதத்தில் நான் தாய்ப்பாலைக் குறைத்ததுதான் காரணமா? என் தங்கை கர்ப்பமாக இருக்கிறாள். அவள் பயப்பட வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரி, தாய்ப்பாலைப் பற்றிய கவலையை முதலில் விட்டுவிடுங்கள். உங்கள் மகனை ஆறு மாதம் காத்தது ஐஜிஜி என்ற ஆன்டிபாடி. அது பால் வழியாக வரவில்லை. அவன் வயிற்றில் இருந்தபோதே நஞ்சுக்கொடி வழியாக உங்கள் ரத்தத்திலிருந்து அவனுக்குப் போய்ச் சேர்ந்தது. அப்படி வந்த ஐஜிஜி மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். நான்கு வாரம் என்றே வைத்துக்கொண்டாலும் ஆறு மாதத்தில் ஆறு தடவை பாதியாகி, அறுபத்து நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சும். மற்ற குழந்தைகள் அதற்குள் சொந்தமாக ஆன்டிபாடி செய்யத் தொடங்கிவிடுவார்கள். உங்கள் மகனால் முடியவில்லை, ஏனென்றால் ஆன்டிபாடி செய்வது பி செல்லின் வேலை. நீங்கள் இரண்டு வயது வரை பால் கொடுத்திருந்தாலும் இது மாறியிருக்காது.

சரி, ஆன்டிபாடி இல்லாவிட்டால் ஏன் காதும் நுரையீரலும் பாதிக்கப்படுகின்றன? அங்கே நோய் உண்டாக்கும் நிமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் சர்க்கரைப் பொருளால் ஆன வழுவழுப்பான உறை ஒன்றைப் போர்த்தியிருக்கின்றன. கிருமியை விழுங்க வரும் வெள்ளை அணுவுக்குப் பாசி படிந்த கல்லைப் பிடிப்பது போலத்தான், கை வழுக்கிவிடும். ஆன்டிபாடி அந்த உறைமேல் ஒட்டிக்கொண்டு ஒரு கைப்பிடியாக நிற்கிறது. அதைப் பிடித்துத்தான் வெள்ளை அணு கிருமியை விழுங்குகிறது. உங்கள் மகனிடம் விழுங்கும் அணுக்கள் நன்றாகவே இருக்கின்றன, கைப்பிடிதான் இல்லை. அதனால்தான் இந்த உறை போர்த்திய கிருமிகளே திரும்பத் திரும்ப வருகின்றன.

ஒருநாள் அவன் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள். எந்தக் குழந்தைக்கும் தொண்டையின் இரு பக்கமும் டான்சில் தெரியும். அவனுக்கு அந்த இடம் கிட்டத்தட்ட வெறுமையாக இருக்கும். டான்சிலின் பெரும்பகுதி பி செல்தான். இத்தனை தடவை தொற்று வந்தும் டான்சில் வீங்காத குழந்தையைப் பார்த்தால் எங்களுக்கு உடனே சந்தேகம் தட்டும்.

இரண்டரை மாதக் குழந்தையின் கதை வேறு. அந்தக் குழந்தைக்கும் தாயின் ஆன்டிபாடி இருந்திருக்கும், ஆனால் பயன்படவில்லை. வைரஸ்கள் நம் செல்லுக்கு உள்ளேயே புகுந்துகொள்ளும். வெளியே மிதக்கும் ஆன்டிபாடி அங்கே எட்டாது. அவற்றை அடக்குவது டி செல் என்ற இன்னொரு வகை வெள்ளை அணு. பூஞ்சையை அடக்கவும் டி செல்லின் கட்டளை வேண்டும். நீங்கள் பார்த்த அறிகுறிகள் டி செல் இல்லாத குழந்தைக்கு உரியவை. ஆறு மாதம் காத்திருக்காமல் முதல் சில மாதங்களிலேயே வாய்ப்பூஞ்சை, நிற்காத பேதி, எடை ஏறாமை, நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையால் வரும் மூச்சுத் திணறல் எல்லாம் தொடங்கிவிடும். பி செல்லுக்கு உத்தரவு கொடுப்பதும் டி செல்தான் என்பதால் ஆன்டிபாடியும் சேர்ந்தே கெட்டுப்போகும். மூன்றிலும் அவசரமானது இது. நோய்த்தொற்றுகள் வருவதற்கு முன்பே ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை நடந்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக நன்றாக இருக்கிறது.

இதில் என்னை வருத்தும் விஷயம் ஒன்று உண்டு. இந்தக் குறைபாட்டின் முதல் தடயம் சாதாரண ரத்தப் பரிசோதனைத் தாளிலேயே இருக்கும், ஆனால் கண்ணில் படாமல் போய்விடும். மொத்த வெள்ளை அணுக்கள் 6,000, அதில் டி செல், பி செல் அடங்கிய லிம்ஃபோசைட் 20 சதவீதம் என்று வந்திருக்கிறது என்று வையுங்கள். பெருக்கிப் பார்த்தால் 1,200. பெரியவர்களுக்கு இது சரியான அளவு, அதனால் யாரும் வட்டம் போட மாட்டார்கள். கைக்குழந்தைக்கு 3,000-க்குக் கீழே போனாலே விசாரிக்க வேண்டும். சதவீதத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடக் கூடாது.

நான்கு வயதுப் பையனுக்கு என்ன நோய் என்று பரிசோதனை முடிவைப் பார்க்காமல் நான் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த வயதில் கல்லீரலில் சீழ்க்கட்டி என்றால் விழுங்கும் அணுக்களைத்தான் முதலில் சந்தேகிப்போம். அவற்றில் ஒரு வகைக் குறைபாட்டில் அணு கிருமியைப் பிடிக்கும், விழுங்கும், ஆனால் கொல்ல முடியாது. கொல்வதற்கான ஆக்சிஜன் வேதிப்பொருளை உண்டாக்கும் நொதி பழுதாகியிருக்கும். உள்ளே உயிரோடு இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவைச் சுற்றி மேலும் மேலும் அணுக்கள் வந்து குவிய, கட்டி உருவாகிறது. நுரையீரலில் ஆஸ்பெர்ஜிலஸ் பூஞ்சையும் வரலாம். வைரஸ்களை அடக்குவதோ டி செல்லின் வேலை. அதனால் சாதாரண வைரஸ் காய்ச்சல் இந்தப் பிள்ளைகளுக்கும் மற்றவர்களைப் போலவே வந்து போகும். வெள்ளை அணு எண்ணிக்கையிலும் ஐஜிஜியிலும் குறை தெரியாது. டிஹெச்ஆர் என்ற தனிப் பரிசோதனை செய்தால்தான் அணுக்கள் கிருமியைக் கொல்கின்றனவா என்று தெரியும்.

உங்கள் மகனுக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் இம்யூனோகுளோபுலின் டிரிப், நீங்கள் வயிற்றில் வைத்துக் கொடுத்த அதே ஐஜிஜிதான். ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்தது. 1952-இல் புரூட்டன் என்ற மருத்துவர் தன்னிடம் வந்த எட்டு வயதுப் பையனின் ரத்தத்தில் ஐஜிஜி அடங்கிய காமா குளோபுலின் இல்லை என்று கண்டு, அதை மாதாமாதம் ஊசியாகப் போட்டார். இன்றும் வழி அதுதான். அளவு போதுமா என்று அறிய, அடுத்த டிரிப்புக்குச் சற்று முன்னால் ரத்தம் எடுத்து ஐஜிஜி பார்க்கச் சொல்லுங்கள். காலையில் சளியோடு இருமல் வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மூச்சுக்குழாய் மெல்ல மெல்லச் சேதமாவதற்கு அது அடையாளமாக இருக்கலாம்.

வைரஸ்களை அவன் பெரும்பாலும் சமாளிப்பான், ஏனென்றால் டி செல் இருக்கிறது. போலியோ அடங்கிய என்டெரோவைரஸ் குடும்பம் மட்டும் விதிவிலக்கு, அவற்றை அடக்க ஆன்டிபாடி வேண்டும். ஆகவே போலியோ சொட்டு மருந்து அவனுக்கும் வேண்டாம், வீட்டிலுள்ள மற்ற குழந்தைகளுக்கும் வேண்டாம். ஊசியாகப் போடும் போலியோ தடுப்பு மருந்து போதும்.

உங்கள் தங்கை விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகனின் நோய்க்குக் காரணமான, பழுதான பிடிகே மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. சில பையன்களுக்கு அது புதிதாக உண்டாகும், சிலருக்கு அம்மாவிடமிருந்து வரும். அதனால் முதலில் உங்களுக்குப் பரிசோதனை செய்யுங்கள். உங்களுக்கு அந்த மாற்றம் இருந்தால் தங்கைக்கும் பாருங்கள். அவளுக்கும் இருந்து பிறப்பது ஆண் குழந்தையாக இருந்தால், பாதிப்பு வர இரண்டில் ஒரு வாய்ப்பு. குழந்தை பிறந்ததும் ஐஜிஜி மட்டும் பார்த்துவிட்டு நல்லபடியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம், அது உங்கள் தங்கையுடைய ஐஜிஜி. பி செல்லை எண்ணும் சிடி19 பரிசோதனை கேளுங்கள், முடிவு வரும்வரை போலியோ சொட்டு மருந்தைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.