லாகில் 1024, காணாமல் போன A8

கேள்வி: பைனரி, ஹெக்ஸ், தசம எண்களைக் கையால் மாற்றப் பழகச் சொல்கிறார்கள். கால்குலேட்டர் இருக்கும்போது இது எதற்கு? ரெஜிஸ்டர் மதிப்பை மட்டும் ஏன் எல்லோரும் ஹெக்ஸில் எழுதுகிறார்கள்?

நீங்கள் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் இந்தப் பதிலால் மதிப்பெண் கூடாது. ஆனால் ஒரு நாள் ஒரு போர்டின் முன்னால் உட்காரும்போது உதவும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் STM32F4 சிப் ஒன்றில் `PA5` முனையில் எல்.இ.டி. எரிய வேண்டியிருந்தது. எரிந்தது. ஆனால் அதற்கான வரியைத் தாண்டியதுமே டீபக்கர் துண்டித்துக்கொண்டது. கேபிளை மாற்றினோம், மின்சாரத்தைச் சந்தேகித்தோம், அரை நாள் போனது. முனைகள் எந்த நிலையில் இயங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் ரெஜிஸ்டர் `MODER`. அதன் மதிப்பு சீரியல் லாகில் `MODER = 1024` என்று தெளிவாகத்தான் வந்துகொண்டிருந்தது. 1024 என்றால் 10ஆவது பிட், அதைத்தானே எழுதினோம், சரிதானே என்று மூன்று பேரும் அதைக் கடந்துபோனோம்.

மாலையில் ஒரு மூத்தவர் வந்து, லாகில் `%lu` இருந்த இடத்தில் `%08lX` போடச் சொன்னார். `00000400` என்று வந்தது. கையேட்டில் அந்த ரெஜிஸ்டரின் தொடக்க மதிப்பு `A8000000`. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிய கணத்தில், முன்னால் இருந்த `A8` காணாமல் போயிருப்பது கண்ணில் அறைந்தது.

அந்த `A8`-ஐக் கையால் பிரித்துப் பாருங்கள். A என்பது 10, அதாவது 8 + 2, ஆகவே `1010`. 8 என்பது `1000`. சேர்த்தால் `10101000`. இந்த ரெஜிஸ்டரில் ஒரு முனைக்கு இரண்டு பிட், மேலிருந்து 15, 14, 13 என்று வரிசை. இரண்டிரண்டாகப் பிரித்தால் `10 10 10 00`. `10` என்றால் மாற்றுப் பணி, அதாவது அந்த முனையைச் சிப்பின் உள்ளே இருக்கும் வேறொரு பகுதி பயன்படுத்துகிறது. `00` என்றால் உள்ளீடு. 13, 14 ஆகிய இரண்டு முனைகளும்தான் டீபக்கரின் தரவும் கடிகாரமும் போகும் வழி. நான் ரெஜிஸ்டர் முழுவதையும் 0x400 என்று எழுதி அவற்றை வெறும் உள்ளீடாக்கிவிட்டேன். ரீசெட்டை அழுத்திப் பிடித்தபடி இணைத்துத்தான் சிப்பை மீட்டோம். பிறகு இப்படித் திருத்தினேன்:

```c
GPIOA->MODER &= ~(3UL << 10);
GPIOA->MODER |=  (1UL << 10);
```

இப்போது மதிப்பு `A8000400`. இதன் தசம வடிவம் 2818573312. இந்தப் பத்து இலக்கங்களைப் பார்த்து எந்த முனை எந்த நிலையில் இருக்கிறது என்று யாராவது சொல்ல முடியுமா? அதையே `%ld` என்று அச்சிட்டிருந்தால் -1476393984 என்று வந்திருக்கும். ஹெக்ஸில் மட்டும் பிட்டுகள் தெரிவதற்குக் காரணம் எளியது. 16 என்பது 2-இன் நான்காம் அடுக்கு. ஆகவே ஒரு ஹெக்ஸ் இலக்கம் மிகச் சரியாக நான்கு பிட்டுகளை மூடுகிறது, பக்கத்து இலக்கத்தைத் தொடுவதில்லை. 10 அப்படி எந்த அடுக்கும் அல்ல. ஒரே ஒரு பிட் மாறினாலும் தசமத்தில் பல இலக்கங்கள் மாறிவிடக்கூடும்.

தசமத்திலிருந்து வர வேண்டுமென்றால் 16-ஆல் வகுத்துக்கொண்டே போய் மீதிகளைக் கீழிருந்து மேலாக எழுத வேண்டும். 2818573312-ஐ வகுத்தால் மீதிகள் 0, 0, 4, 0, 0, 0, 8, 10 என்று வரும். 10-க்கு A. கடைசி மீதியிலிருந்து படித்தால் `A8000400`. இந்த வகுத்தலுக்குக் கால்குலேட்டரைப் பயன்படுத்துங்கள், அதில் தவறே இல்லை. கையால் பழக வேண்டியது `0`-இலிருந்து `F` வரையிலான பதினாறு நான்கு-பிட் வடிவங்களை மட்டும்தான். அவை மனத்தில் இருந்தால் லாகைப் படிக்கும்போதே பிட்டுகள் தெரியும்.

"அப்படியென்றால் பைனரியிலேயே எழுதலாமே" என்று யாராவது கேட்பார்கள். 32 பூஜ்யம், ஒன்றுகளை வரிசையாக எழுதி 10ஆவது பிட்டை விரல் வைத்து எண்ணிப் பாருங்கள், ஒன்று தள்ளிப்போகும். ஆக்டலில் ஒரு இலக்கத்துக்கு மூன்று பிட். 8-ம் 32-ம் மூன்றால் வகுபடாது, பைட்டின் எல்லை இலக்கத்தின் நடுவில் விழும். எல்லாவற்றையும் ஹெக்ஸில் எழுதச் சொல்லவில்லை. டைமரின் எண்ணிக்கை, சென்சார் அளவு போன்றவை அளவுகள், அவற்றுக்குத் தசமம்தான் சரி.

ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரித் தேர்வில் ஹெக்ஸை நான்கு நான்கு பிட்டாக நேரடியாகப் பிரித்து எழுதினேன். விடை சரி. ஆனால் தசமத்துக்கு மாற்றி, பிறகு 2-ஆல் வகுத்துக் காட்டவில்லை என்று பாதி மதிப்பெண்ணை வெட்டினார்கள். தேவையில்லாத அந்தச் சுற்றுவழியைத்தான் முறை என்றார்கள். நானும் பல வருடங்கள் ஹெக்ஸைத் தசமத்தின் வழியாகவே பார்க்கப் பழகியிருந்தேன். அன்று 1024-ஐப் பார்த்துச் சரி என்று நினைத்ததற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம்.