வெப்பமானி 94 காட்டியது, விடை 100 என்றது

கேள்வி: நானும் ஆசிரியைதான். தவணைப் பரீட்சைக்கு வேறு வலயத்து வினாத்தாளில் இருந்து கேள்வி எடுக்கிறோம், கைட் புத்தகத்தைப் பார்த்து நோட்ஸ் கொடுக்கிறோம். அப்புறம் பிள்ளைகளிடம் எந்த முகத்தோடு கொப்பி அடிக்காதே என்பது?

பதில்: நுவரெலியாப் பக்கம் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எனக்கு இது உறைத்தது ஒரு தரம் 10 வினாத்தாளில். கரையோர மாவட்டம் ஒன்றின் பழைய தவணைத் தாளில் இருந்து ஒரு கேள்வியை அப்படியே எடுத்திருந்தேன்: "உமது ஆய்வுகூடத்தில் நீர் கொதிக்கும்போது வெப்பமானி எவ்வளவு காட்டும்?" புள்ளித்திட்டமும் அங்கிருந்தே வந்தது. விடை 100.

ஒரு பிள்ளை 94 என்று எழுதியிருந்தாள். பிழை போட்டேன். தாளைக் கையில் வாங்கியதும் எழுந்து வந்து, "சேர், போன மாசம் நம்ம லேப்ல கொதிக்க வச்சப்ப 94 தானே காட்டுச்சு?" என்றாள். அவள் சொன்னது சரி. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம். மேலே போகப் போக வளியமுக்கம் குறைகிறது. சுமார் 300 மீற்றருக்கு ஒரு பாகை என்ற கணக்கில் கொதிநிலையும் இறங்குகிறது. கேள்வியை எழுதியவருக்கு அவர் ஊரில் 100 சரியான விடை. "உமது ஆய்வுகூடம்" என்ற சொல் மலைக்கு வந்ததும் பொருள் மாறிவிட்டதை நான் கவனிக்கவில்லை.

அன்றே வகுப்பில் கேள்வி எங்கிருந்து வந்தது என்று சொல்லி, அவளுக்குப் புள்ளியைக் கொடுத்தேன். இன்னொன்றும் வெளிவந்தது. டியூஷனில் அதே தாளைச் செய்திருந்த சிலர் யோசிக்காமலே 100 எழுதியிருந்தார்கள். அவர்களுடைய ஞாபகத்துக்குத்தான் நான் புள்ளி போட்டிருக்கிறேன்.

இப்போது எடுத்த கேள்விகளின் மூலத்தை வினாத்தாளின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன். கேள்விக்குப் பக்கத்திலேயே எழுதினால் பழைய தாளைச் செய்த பிள்ளைக்கு அது துப்பாகிவிடும். எழுதுவது இவ்வளவுதான்: எந்த வலயம், எந்த ஆண்டு, எந்தத் தவணை, வினா இலக்கம், அப்புறம் "(ஆ) பகுதி எமது அளவீட்டுக்கு ஏற்ப மாற்றப்பட்டது". அந்தக் கடைசி வரியை எழுத வேண்டியிருப்பதால்தான் கேள்வி நமக்குப் பொருந்துகிறதா என்று நின்று பார்க்கிறேன். தலைப்பு வெட்டப்பட்டு வாட்ஸ்அப்பில் வந்த தாள் என்றால், "வாட்ஸ்அப்பில் கிடைத்தது, தயாரித்தவர் தெரியவில்லை" என்றே எழுதுகிறேன். தெரியாததை நம்முடையது என்று காட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

நோட்ஸுக்கு, பலகையின் மூலையில் புத்தகப் பெயரும் பக்கமும் எழுதுவேன், பிள்ளைகளும் அதைக் கொப்பியில் எழுத வேண்டும். இரண்டாம் தவணைக்குள் சிலர் ஒப்படைகளில் தாங்களாகவே, "இந்தப் படம் அண்ணாவின் பழைய கொப்பியில் பார்த்து வரைந்தது" என்று எழுதத் தொடங்கினார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆனால் பெயரைப் போட்டுவிட்டால் எதையும் எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் வகுப்பில் கற்பிக்கப் பிரதி எடுப்பதை நியாயமான பயன்பாட்டுக்குள் வைத்துப் பார்க்கிறது. முழுக் கைடையும் போட்டோ கொப்பி அடித்து டியூஷனில் விற்பது அதற்குள் வராது, முதல் பக்கத்தில் ஆசிரியர் பெயர் இருந்தாலும்.