ஃப்ரெஷ்ஷா வேணும், ஆனா சோப்பு வாசம் வேணாம்: செண்டு கடையில என்ன கேக்கணும்?

கேள்வி: செண்டு கடையில புதுசா வேலைக்குச் சேர்ந்திருக்கேன். சில கஸ்டமருங்க "ஃப்ரெஷ்ஷா இருக்கணும், சோப்பு மாதிரி இருக்கக்கூடாது"ன்னு மட்டும் சொல்லிட்டு நிக்கிறாங்க. நான் என்ன கேக்கணும், எதை எடுத்துக் காட்டணும்?

பதில்:

முதல்ல எலுமிச்சை வாசம் வர்ற பாட்டிலை எடுத்து நீட்டாதீங்க. புதுசா வர்ற எல்லாருக்கும் கை அதுக்குத்தான் போகும், ஏன்னா ஃப்ரெஷ்ஷுன்னதும் நமக்கு எலுமிச்சைதான் ஞாபகம் வருது, ஆனா இந்த மாதிரி கஸ்டமருக்கு அதுதான் பல தடவை சோப்பா போய் முடியும், ஏன்னு கீழ சொல்றேன்.

நான் சுங்கை சிப்புட்ல கடையில நிக்கிறேன். வர்றவங்கள்ல தோட்டத்து ஆளுங்க, ஃபேக்டரி, கிளினிக், ஸ்கூல்ல வேலை செய்யறவங்கதான் அதிகம், செண்டு பாஷை யாரும் பேச மாட்டாங்க, பேசணும்னு அவசியமும் இல்ல. போன மாசம் கிளினிக்ல வேலை பாக்குற ஒரு பொண்ணு வந்துச்சு, நீங்க சொன்ன அதே வார்த்தைதான். பேசினதை அப்படியே சொல்றேன்.

"அக்கா, ஃப்ரெஷ்ஷா ஒன்னு காட்டுங்க, சோப்பு மாதிரி மட்டும் வேணாம்."

"எந்த சோப்புமா? குளிக்கிற சோப்பா, இல்ல துணி துவைச்சு காயப்போட்டா வருமே அதுவா, இல்ல பவுடர் வாசமா?"

கொஞ்சம் யோசிச்சுட்டு, "துணி வாசம்க்கா. மடிச்சு வைக்கிறப்ப வருமே, அது செண்டுல வந்தா எனக்குத் தலை வலிக்கும்."

இந்த ஒரு கேள்வியை விட்டுடாதீங்க, பாதி வேலை இதுலயே முடிஞ்சிடும். குளிக்கிற சோப்புன்னு சொன்னா பெரும்பாலும் ஆல்டிஹைடுங்கற செயற்கை வாசனைச் சரக்கு, ஆரஞ்சுப் பூவுல எடுக்கற நெரோலி, லில்லி மாதிரி வெள்ளைப் பூ வாசம் இதெல்லாம்தான் அவங்களுக்குப் பிடிக்கல. பவுடர்னு சொன்னா ஐரிஸ், வயலட் பக்கம். துணி வாசம்னு சொன்னா வெள்ளை மஸ்க், முக்கியமா கேலக்ஸோலைடு மாதிரி சரக்கு. தண்ணியில கரையாது, துணியில ஒட்டிக்கிட்டு நாள் கணக்கா நிக்கும், அதனாலதான் சோப்புத்தூள்லயும் சாஃப்ட்னர்லயும் போடுறாங்க. நம்ம மூக்கு சின்ன வயசுலேர்ந்து அதைத் துணியோடதான் பழகியிருக்கு, அப்புறம் விலை உயர்ந்த பாட்டில்ல வந்தாலும் துணிதான் ஞாபகம் வரும். இன்னொன்னு டைஹைட்ரோமிர்சினால், ஆம்பளைங்க செண்டுல அந்த சில்லுன்னு அடிக்கிற வாசம், 1982ல வந்த டிராக்கார் நுவார்ல அதை நிறைய போட்டாங்க, அதுக்கப்புறம் ரொம்ப பாட்டில்ல வந்துடுச்சு, அதுவும் சோப்புத்தூள் பக்கம் நல்லா புழங்குற சரக்குதான்.

அப்புறம் ரெண்டாவது கேள்வி, "ஃப்ரெஷ்ஷுன்னு எதை நெனைச்சு சொல்றீங்க? லீமாவ் கஸ்தூரி பிழிஞ்ச மாதிரியா, செராய் தட்டின மாதிரியா, இல்ல புல்லு வெட்டின மாதிரியா?"

"புல்லு... ஆமாக்கா, தோட்டத்துல காலைல மெஷின் வச்சு வெட்டுவாங்கல்ல, அது. ஆனா கொஞ்சம் மண்ணு வாசம் இருந்தாலும் பரவால்ல."

சமையக்கட்டு, வாசல், ரோட்டோரம்னு தெரிஞ்ச இடத்தைச் சொன்னா யாரும் தடுமாற மாட்டாங்க, டக்குன்னு பதில் வரும். சிட்ரஸா கிரீனான்னு கேட்டா முழிப்பாங்க.

செண்டு அடிச்ச மூணு காகிதம் மட்டும் நீட்டினேன். முதல்ல வேணும்னே வெள்ளை மஸ்க் உள்ளது. அது விக்கிறதுக்கு இல்ல, அவங்க சோப்புன்னு சொல்றதும் நான் நெனைக்கிறதும் ஒன்னுதானான்னு பாக்க. மோந்ததும் "இதேதான்க்கா, இதுதான் வேணாம்"னு மூஞ்சைச் சுழிச்சுச்சு, சரி, வழி தெரிஞ்சிடுச்சு. இதுல ஒன்னு கவனிங்க, சில பேருக்கு சில மஸ்க் வாசமே தெரியாது, மூக்கு நல்லா இருந்தாலும் அந்த ஒன்னு மட்டும் தெரியாது. உங்களுக்கே அப்படி இருக்கலாம். அதனால கஸ்டமர் சோப்புன்னு சொன்னா "இல்லையே, எனக்கு அப்படி வரலையே"ன்னு வாதாடாதீங்க, அவங்க மூக்குக்குத்தான் விக்கிறோம். ரெண்டாவது கல்பானம்ங்கற செடிப் பிசின் போட்ட பச்சை வாசம், மூணாவது வெட்டிவேரும் கிரேப்ஃப்ரூட்டும். அதுக்கு மேல காட்டினா மூக்கு குழம்பிடும், வெளிய அஞ்சடியில நின்னு ரெண்டு நிமிஷம் சும்மா காத்து வாங்கச் சொல்லுங்க, காப்பிக்கொட்டை எல்லாம் வேணாம், காத்தே போதும்.

பச்சை வாசம் கசக்குதுன்னுச்சு, வெட்டிவேரைத் தள்ளி வச்சுக்கிட்டு அப்புறம் பாக்கலாம்னுச்சு, அதுக்குள்ள தானே அலமாரிலேர்ந்து எலுமிச்சை ஜாதிப் பழமான பெர்கமோட் போட்ட ஒரு பாட்டிலை எடுத்து காகிதத்துல அடிச்சுப் பாத்துட்டு, "அக்கா இதுதான், இதையே போடுங்க"ன்னு சந்தோஷமா சொல்லுச்சு. அந்த நேரத்துல பில் போட்டா வியாபாரம் முடிஞ்சிடும், ஆனா ரெண்டு நாள்ல "என்னக்கா சோப்பைக் குடுத்துட்டீங்க"ன்னு திரும்பி வரும், வராமலே இருந்தா இன்னும் மோசம்.

விஷயம் இதுதான். எலுமிச்சை, பெர்கமோட், ஆரஞ்சு எல்லாம் ரொம்ப லேசான சரக்கு, அடிச்ச கையோட பறக்க ஆரம்பிச்சிடும், நம்ம ஊர் வெயிலுக்கு இன்னும் சீக்கிரம், கால் மணி அரை மணியில பெரும்பாலும் போயிடும். அதுக்கு அடியில என்ன வச்சிருக்காங்களோ அதுதான் சாயங்காலம் வரைக்கும் உங்க கூட இருக்கும், விலை கம்மியான எலுமிச்சை செண்டுல அடியில இருக்கறது பெரும்பாலும் அந்த வெள்ளை மஸ்க்தான். ஆக முதல்ல கொஞ்ச நேரம் ஃப்ரெஷ், அப்புறம் நாள் பூரா துணி வாசம். காகிதத்துல உடனே மோந்து முடிவு பண்ணா இது தெரியவே தெரியாது.

அதனால நான் சொன்னேன், "இப்ப வாங்காதீங்கமா. இந்தக் கையில இது, அந்தக் கையில வெட்டிவேர், போயி மார்க்கெட் வேலையை முடிச்சிட்டு வாங்க." மணிக்கட்டுல அடிக்கல, முழங்கை உள்பக்கம் அடிச்சேன், ஏன்னா கிளினிக்ல நாள் பூரா கை கழுவுற பொண்ணு, மணிக்கட்டுலயே சோப்பு வாசம் இருக்கும், அப்புறம் எந்த செண்டும் சோப்பாத்தான் தெரியும். சட்டையில அடிக்கவே கூடாது, சாஃப்ட்னர் போட்ட துணியில ஏற்கனவே அதே மஸ்க் இருக்கும். இந்த ரெண்டையும் நிறைய கடையில கவனிக்கறது இல்ல, நல்ல செண்டையெல்லாம் சோப்புன்னு கஸ்டமர் ஒதுக்குறதுக்கு பல சமயம் இதான் காரணம்.

முக்கால் மணி கழிச்சு மீன் பையோட வந்துச்சு. இடது கையை மோந்துட்டு, "சோப்பாயிடுச்சுக்கா." வலது கையை ரெண்டு தடவை மோந்துச்சு. "இது அப்படியே மண்ணு ஈரமா இருந்தா வருமே, அந்த மாதிரி. ஆனா முதல்ல அடிச்சப்ப எனக்கு இது அவ்வளவா பிடிக்கலையே?"

வெட்டிவேர் அப்படித்தான், ஆரம்பத்துல கொஞ்சம் கரகரன்னு இருக்கும், கனமான எண்ணெய், மெதுவாத்தான் விடும், ஆனா அடியில நிக்கறது அதுவேதான், மஸ்க் கம்மியா இருந்தாலும் செண்டு நிக்கும். மேல கிரேப்ஃப்ரூட் இருக்கறதால முதல் அஞ்சு நிமிஷத்துக்கும் ஒரு பளிச்சு. பெரிய பாட்டில் கேட்டுச்சு, நான் பத்து மில்லி சின்னதைத்தான் குடுத்தேன், வேலைக்குப் போட்டுட்டுப் போயி ஒரு வாரம் பாக்கட்டும்னு.

வெட்டிவேரும் மண்ணு வாசமும் சுத்தமா பிடிக்காதவங்களுக்கு இஞ்சி, ஏலக்காய், டீ வாசம் வர்றதைக் காட்டுங்க, அதுவும் பெரும்பாலும் சோப்பு பக்கம் போகாது. கடல் காத்து மாதிரின்னு எழுதியிருக்கறதை மட்டும் யோசிச்சுக் குடுங்க, சில பேருக்கு அது தர்பூசணி மாதிரி வரும், ஆனா அடியில பல தடவை அதே மஸ்க்தான், அதையும் கையில அடிச்சு அரை மணி விட்டுத்தான் சொல்ல முடியும்.